இணைந்த கணிதம் I: முதல் பத்து நிமிடத்திலேயே தாள் கடினமாகத் தெரிந்தால் எங்கே தொடங்குவது?

பனங்கூடல்

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தரம் இரண்டாம் ஷை எழுத இருக்கிறேன். என் கேள்வி இணைந்த கணிதம் முதலாம் தாளைப் பற்றியது. போன முறை நடந்ததை அப்படியே சொல்கிறேன். எங்கே பிழைத்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வாசிப்பு நேரம் பத்து நிமிடம் தந்தார்கள். முதல் பக்கத்தைத் திருப்பினேன். 1 ஆம் கேள்வி தொகுத்தறிவு. ஆனால் நான் பழகிய கூட்டுத்தொகை வடிவத்தில் இல்லை. 2 இல் சமனிலியின் இரண்டு பக்கமும் மட்டு. 3 இல் ஆகண்ட் வரிப்படம், என்ன கேட்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. 4 ஈருறுப்பு விரிவு, அதிலும் இரண்டு தெரியாக் கணியங்கள். இந்த நாலையும் வாசித்த உடனேயே கை குளிர்ந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க அதே நாலையும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். பி பகுதியைத் திறக்கவே இல்லை.

எழுதத் தொடங்கியதும் 1 இலேயே 25 நிமிடம் போய்விட்டது. கடைசியில் பி பகுதியில் மூன்றரைக் கேள்விதான் எழுத முடிந்தது. பி பகுதித் தாளை மட்டும் வெளியே கொண்டுவரலாம் அல்லவா, வீட்டுக்கு வந்து 17 ஐ எடுத்துச் செய்து பார்த்தேன். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்தது. மண்டபத்தில் அந்தக் கேள்வியை நான் வாசிக்கவே இல்லை.

பழைய தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அந்த வரிசையை வைத்து முதல் பத்து நிமிடத்தைத் திட்டமிட முடியுமா? இல்லை 1 இலிருந்து ஒழுங்காகப் போவதுதான் சரியா?

கரையூர்க் காற்று

தங்கச்சி, வரிசை என்றால் இலகுவானது முதலில், கடினமானது கடைசியில். எல்லாப் பரீட்சையிலும் அப்படித்தான் போடுவார்கள். 1 ஆம் கேள்வி தொகுத்தறிவு, அது சும்மா தரும் 25 புள்ளி. அதையே விட்டுவிட்டால் பிறகு எதைச் செய்வது? 1 இலிருந்து போங்கள். முதல் கேள்வி கடினம் என்றால் முழுத்தாளும் கடினம் என்று அர்த்தம். அப்படியென்றால் எல்லாருக்கும் கடினம், இஸட் ஸ்கோர் பார்த்துக்கொள்ளும்.

மேசைவிளக்கு

கரையூர்த் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. தொகுத்தறிவைச் சும்மா விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது சரி. ஆனால் இந்தத் தாளின் வரிசை இலகு, கடினம் என்ற வரிசை இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாததால்தான் ஒவ்வொரு வருடமும் நல்ல பிள்ளைகள் முதல் பக்கத்திலேயே விழுகிறார்கள். பத்தொன்பது வருடமாக இந்தப் பாடம் படிப்பிக்கிறேன், இதே கதையை எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வரிசை பாட அலகுகளின்படி போகிறது. ஏ பகுதியில் 1 தொகுத்தறிவு, 2 மட்டு வரைபு அல்லது சமனிலி, 3 சிக்கலெண், 4 பெரும்பாலும் ஈருறுப்பு. இது வரைக்கும் அட்சரகணிதம். 5 எல்லை, 6 தொகையீடும் பரப்பளவும், 7 பரமான வளையியும் தொடலியும். இது நுண்கணிதம். 8 நேர்கோடு, 9 வட்டம். 10 திரிகோணகணிதம்.

இப்போது பி பகுதியைப் பாருங்கள். 11 இருபடிச் சமன்பாடும் பல்லுறுப்பியும், 12 வரிசைமாற்றம், சேர்மானம், தொடர், 13 தாயமும் சிக்கலெண்ணும். திரும்பவும் அட்சரகணிதம். 14 வகையீடும் வரைபும், 15 தொகையீடு. 16 நேர்கோடும் வட்டமும். 17 திரிகோணகணிதம்.

அதாவது ஒரே தெருவில் இரண்டு முறை நடக்கிறோம். முதல் முறை சின்னச் சின்ன எட்டு வைத்து, இரண்டாம் முறை பெரிய எட்டு வைத்து. பனங்கூடல் பிள்ளை வாசித்த நாலு கேள்வியும் தெருவின் ஒரே மூலையில் இருப்பவை. அட்சரகணிதத்தில் அந்த வருடம் வினா அமைத்தவர் கை இறுக்கமாக இருந்திருக்கலாம், அல்லது பிள்ளைக்கு அந்த அலகுகளில் பிடி குறைவாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் 5 ஐயோ 8 ஐயோ 14 ஐயோ 17 ஐயோ பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. நாலு கேள்வியைப் பார்த்து முழுத்தாளுக்கும் தீர்ப்பு எழுதிவிட்டார், அதுதான் நடந்தது.

அடுத்தது கணக்கு. ஏ பகுதியில் பத்துக் கேள்வி, ஒவ்வொன்றும் 25. பி பகுதியில் ஏழில் ஐந்து, ஒவ்வொன்றும் 150. மொத்தம் 1000, நேரம் 180 நிமிடம். அப்படிப் பார்த்தால் ஏ பகுதிக் கேள்வி ஒன்றுக்கு நாலரை நிமிடம், பி பகுதிக் கேள்வி ஒன்றுக்கு 27 நிமிடம். பிள்ளை 1 ஆம் கேள்விக்குக் கொடுத்த 25 நிமிடம் கிட்டத்தட்ட ஒரு முழு பி பகுதிக் கேள்வியின் விலை. 25 புள்ளியை வாங்க 150 ஐக் கொடுத்திருக்கிறார். வீட்டில் செய்து முடித்த அந்த 17 தான் அது.

வாசிப்பு நேரம் எதற்கு என்று தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். வினாத்தாளை வாசிக்க, எழுதப்போகும் வினாக்களைத் தெரிய, எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க. ஏ பகுதியில் தெரிவு இல்லை, பத்தும் எழுதியே ஆகவேண்டும். தெரிவு இருப்பது பி பகுதியில் மட்டும். அப்படியென்றால் அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பங்கு எங்கே போகவேண்டும் என்று நீங்களே பாருங்கள். நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது, தாள் கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைத் தாண்டி 14 க்குப் போங்கள்.

சுபாவின் அம்மா

சேர், நல்ல விளக்கம். என் மகள் உயிரியல் பிரிவு. இந்த முறை எந்தக் கேள்விகள் வரும் என்று இப்படி வரிசைப்படி போட்டுத் தருவீர்களா? பழைய தாள்களைப் பார்த்தால் தெரியும் என்கிறீர்கள்தானே.

மேசைவிளக்கு

அம்மா, நான் சொன்னது வேறு. எந்த அலகு எந்த எண்ணில் வந்து உட்காரும் என்றுதான் வரிசை காட்டும். அந்த அலகிலிருந்து என்ன கேட்பார்கள் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. உயிரியலை நான் படிப்பிப்பதில்லை, அந்தப் பாட ஆசிரியரிடம் கேளுங்கள். இரசாயனவியலைப் பற்றி ஒன்று சொல்லலாம். முதலாம் தாளில் ஐம்பது கேள்வி. அதில் 31 முதல் 40 வரை ஒன்றுக்கு மேற்பட்ட தெரிவுகள் சரியாக இருக்கக்கூடியவை, 41 முதல் 50 வரை கூற்றுச் சோடிகள். அங்கே எண்ணைப் பார்த்தால் கேள்வியின் வடிவம் தெரியும். மகள் அந்த இருபதையும் தனியாக நேரம் வைத்துப் பழகினால் நல்லது.

மழைக்கோட்டு

நான் இப்போது மொறட்டுவையில் இரண்டாம் வருடம். என் அனுபவத்தையும் சொல்கிறேன், சேர் சொன்னதோடு ஒரு இடத்தில் முரண்படும்.

எனக்கும் முதலாம் தாள் பயங்கரமாகத் தெரிந்தது. நான் பி பகுதியிலிருந்தே எழுதத் தொடங்கினேன். 15, 14, 17 என்ற வரிசையில் மூன்றை முடித்துவிட்டு ஏ பகுதிக்கு வந்தேன். அப்போது 450 புள்ளிக்கு எழுதிவிட்டேன் என்ற நினைப்பே கையை நிதானமாக்கியது. அதே 2 ஆம் கேள்வி, காலையில் மிரட்டிய அதே மட்டு, இரண்டு வரைபைக் கீறியதும் அடங்கிவிட்டது.

அதனால் என் கருத்து, தாள் கடினம் என்றால் பி முதலில். ஏ பகுதிக்கு வினாத்தாளிலேயே இடம் விட்டிருக்கிறார்கள், விடைத்தாள் தேடவேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து எழுதலாம்.

இஸட் ஸ்கோர் பற்றி கரையூர் அண்ணா சொன்னதும் பாதிதான். உங்கள் புள்ளியிலிருந்து எல்லாரின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுப்பது அது. தாள் கடினம் என்றால் சராசரி இறங்கும், உண்மை. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் அதே தாளில் அரைகுறையாகவேனும் ஏழெட்டு இடத்தில் புள்ளி பொறுக்கியிருந்தால், பேனையை வைத்துவிட்ட உங்களுக்கு அந்த இறக்கம் ஒன்றும் செய்யாது.

கரையூர்க் காற்று

சரி, இஸட் ஸ்கோர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலகுவானது முதலில் என்று நான் சும்மா சொல்லவில்லை. பௌதிகவியல் எம்சிகியூவை எடுத்துப் பாருங்கள். அலகு, பரிமாணம் என்று ஒரு வரிக் கேள்வியில் தொடங்கும். கடைசிப் பத்துக்கு வரும்போது ஒவ்வொன்றும் அரைப் பக்கம், வரைபு வேறு.

மேசைவிளக்கு

பௌதிகவியலுக்கு நீங்கள் சொல்வது பெரும்பாலும் பொருந்தும் தம்பி. அந்தப் பழக்கத்தை இணைந்த கணிதத்துக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். அங்கே முதல் மூன்று கேள்வி கடினமாக இருந்தால் பின்னால் இன்னும் கடினம் என்று எதிர்பார்க்கலாம். இங்கே அந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படையே இல்லை. பல பிள்ளைகள் இரண்டு பாடமும் எழுதுகிறார்கள், மனம் ஒன்றின் பழக்கத்தை மற்றதுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது.

மழைக்கோட்டுக்கு: மூன்று பி கேள்வியை முதலில் முடிப்பது உங்களுக்கு வேலை செய்திருக்கிறது. ஆனால் பி யில் தொடங்கி ஒரே கேள்வியில் 45 நிமிடம் சிக்கிக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஏ பகுதியில் சிக்கினால் நட்டம் சின்னது, பி யில் சிக்கினால் நட்டம் பெரியது. அதனால் ஏ பகுதியில் பிடித்த மூன்று நாலு கேள்வியை முதலில் எழுதிக் கை சூடானதும் பி க்குப் போவதையே நான் விரும்புகிறேன். அந்த மூன்று நாலு 1, 2, 3, 4 ஆக இருக்கவேண்டியதில்லை. 5, 8, 9, 10 ஆகவும் இருக்கலாம்.

பனங்கூடல்

சேர், மிக்க நன்றி. "ஒரே தெருவில் இரண்டு முறை" என்றதை என் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். 14 க்குப் போகச் சொன்னீர்கள். ஏன் 14? எனக்கு அந்த வரைபுக் கேள்வியில் சார்பை வகையிடும்போதே பிழைத்துவிடும். பெறுதி பிழை என்றால் கீழே எல்லாமே பிழைதானே?

மேசைவிளக்கு

அதற்காகத்தான் 14. பழைய தாள்களை எடுத்து 14 இன் முதற்பகுதியை மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து வாசியுங்கள். கேள்வி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ஒரு சார்பைத் தருவார்கள். அதன் பெறுதி இன்னதெனக் காட்டுக என்பார்கள், விடையையும் அங்கேயே தந்துவிடுவார்கள். பிறகு அதிகரிக்கும் ஆயிடை, குறையும் ஆயிடை, திரும்பற் புள்ளி, அணுகுகோடு, கடைசியில் வரைபு. பல வருடங்களில் இரண்டாம் பெறுதியையும் தந்துவிட்டு விபத்திப் புள்ளியைக் கேட்டிருக்கிறார்கள்.

நான் வகுப்புக்காகச் செய்த ஒன்றை வைத்துப் பார்ப்போம். x ≠ 1 இற்கு

f(x) = x / (x − 1)²

f′(x) = −(x + 1) / (x − 1)³ எனக் காட்டுக என்று கேள்வியில் இருக்கிறது. நீங்கள் வகையிடுகிறீர்கள், எங்கேயோ குறி மாறி வேறு விடை வருகிறது. போன முறை என்றால் அங்கேயே நின்று அழித்து அழித்து எழுதியிருப்பீர்கள். நிற்கவேண்டாம். இரண்டு வரி இடம் விட்டுவிட்டு, தாளில் தந்த பெறுதியை எடுத்துக் கீழே போங்கள். அது அவர்கள் கொடுத்தது, அதைப் பயன்படுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

f′(x) பூச்சியமாவது x = −1 இல். f(−1) = −1/4. இனிக் குறி பார்க்கவேண்டும். x ஆனது −1 ஐவிடச் சின்னது என்றால், உதாரணமாக −2 என்றால், மேலே −(−1) = 1, கீழே (−3)³ = −27. ஆகவே மறை, சார்பு குறைகிறது. −1 க்கும் 1 க்கும் இடையில் 0 ஐப் போட்டால் மேலே −1, கீழே −1, நேர், சார்பு அதிகரிக்கிறது. 1 ஐத் தாண்டி 2 ஐப் போட்டால் மேலே −3, கீழே 1, மறை, திரும்பவும் குறைகிறது. ஆகவே (−1, −1/4) ஓர் இழிவு. x = 1 நிலைக்குத்து அணுகுகோடு, பகுதி வர்க்கம் என்பதால் இரண்டு பக்கமும் மேலேதான் போகும். x மிகப் பெரிதாகும்போது f(x) பூச்சியத்தை நாடும், ஆகவே y = 0 கிடை அணுகுகோடு. உற்பத்தியினூடாகப் போகும். வரைபு தானாகவே விழுந்துவிடும்.

பாருங்கள், காட்டுக என்றதைக் காட்டாமலேயே அந்தப் பகுதியின் பெரும்பங்கை எழுதிவிட்டோம். புள்ளித்திட்டத்தில் ஐந்து ஐந்தாகப் பிரித்துத்தான் போடுவார்கள். அணுகுகோட்டுக்குத் தனி, திரும்பற் புள்ளிக்குத் தனி, வரைபுக்குத் தனி. இழப்பது அந்த ஒரு பெறுதிக்கான புள்ளியை மட்டும். மனம் அமைதியான பிறகு வந்து பார்த்தால் குறி மாறிய இடமும் தெரியும், விட்ட இரண்டு வரியும் காத்திருக்கும்.

முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் தேடவேண்டியது இப்படிப்பட்ட இடங்களைத்தான். விடையைத் தந்துவிட்டுக் காட்டச் சொல்லும் இடம் எங்கே இருக்கிறது, அதிலிருந்து கீழே தொடரமுடிகிறதா. 14 ஐப் போலவே 15 இலும் 17 இலும் இது அடிக்கடி கிடைக்கும்.

மேசைவிளக்கு

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தெரிவு செய்யும்போது கேள்வி எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், உட்பகுதியை வைத்து எடுங்கள். 13 ஐப் பார்த்தால் தாயம் ஒன்று, சிக்கலெண் ஒன்று, த மோவரின் தேற்றம் ஒன்று என்று தனித்தனியாக நிற்கும். சிக்கலெண் பயமாக இருந்தாலும் தாயம் முழுதாக வரலாம். 12 இலும் சேர்மானம் ஒரு பக்கம், தொடர் ஒரு பக்கம். ஆகவே வாசிக்கும்போது "13 முடியாது" என்று ஒதுக்கவேண்டாம். "13 இல் தாயம் முடியும், மிச்சம் சந்தேகம்" என்று மனதில் வையுங்கள். ஏழில் இரண்டை விடவேண்டும். முழுதாகச் செய்யக்கூடிய மூன்று கிடைத்தால் போதும், மிச்ச இரண்டையும் இப்படிப் பாதிப் பாதியாகப் பார்த்து எடுக்கலாம்.

வாசிப்பு நேரத்தில் பேனையால் அடையாளம் போடலாமா என்று பலர் கேட்பார்கள். விடமாட்டார்கள் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். ஐந்து எண்ணை ஞாபகத்தில் வைப்பது பெரிய வேலை இல்லை.

தாமிரபரணி

நான் திருநெல்வேலிப் பக்கம், பிளஸ் டூ கணித ஆசிரியர். உங்கள் இழையைப் படித்ததும் எங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றியது. எங்களுக்கும் பத்து மணியிலிருந்து பத்து நிமிடம் வினாத்தாள் வாசிக்கத் தருகிறார்கள், அதற்கப்புறம் ஐந்து நிமிடம் விவரங்கள் நிரப்ப.

எங்கள் தாளின் அமைப்பு வேறு. முதலில் இருபது ஒரு மதிப்பெண் கேள்வி, பாடங்கள் கலந்து கிடக்கும். 21 முதல் 30 வரை இரண்டு மதிப்பெண், 31 முதல் 40 வரை மூன்று மதிப்பெண், இவை பெரும்பாலும் பாட வரிசையில் வரும். 30 ம் 40 ம் கட்டாயம் எழுதவேண்டியவை. 41 முதல் 47 வரை ஐந்து மதிப்பெண், ஒவ்வொன்றிலும் அல்லது.

அதனால் எங்கள் பிள்ளைகள் பயப்படுவது எப்போதும் அந்த முதல் இரண்டு பக்கத்தில்தான். கலந்து கிடப்பதால் எந்தப் பாடம் என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும். என் மாணவி ஒருத்தி ஒரு மாதிரித் தேர்வில் மூன்று மதிப்பெண் தொகையீடு ஒன்றைப் பார்த்துப் புத்தகத்தில் இல்லாதது என்று விட்டுவிட்டாள். 2 இலிருந்து 5 வரை, √x / (√x + √(7 − x)). அதற்கு முந்தின கேள்வி பகுதி வகைக்கெழு, பிந்தினது வகைக்கெழுச் சமன்பாடு. நடுவில் இருப்பது தொகையீட்டின் பயன்பாடுகள் பாடமாகத்தான் இருக்கமுடியும். அந்தப் பாடத்தில் எல்லைகளைக் கூட்டி x ஐக் கழிக்கும் பண்பு இருக்கிறது. 2 + 5 = 7, அந்த 7 கேள்வியிலேயே உட்கார்ந்திருக்கிறது. x க்குப் பதில் 7 − x போட்டு இரண்டையும் கூட்டினால் உள்ளே 1 மட்டும் மிஞ்சும். இரு மடங்கு 3, விடை 3/2. அக்கம்பக்கத்துக் கேள்விகளைப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மழைக்கோட்டு

தாமிரபரணி ஐயா, நீங்கள் சொன்னது எங்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். பல கேள்விகளில் கடினம் என்பதே எந்த அலகு என்று தெரியாததுதான். எங்கள் தாளில் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. 7 ஆம் கேள்வி என்றால் பரமானத்தை வைத்து வகையிட்டுத் தொடலியோ செவ்வனோ எழுதப்போகிறேன் என்று கேள்வியை வாசிக்க முன்னரே கை தயாராகிவிடும்.

வல்லிபுரக்குறிச்சி

எல்லாரும் வரிசையை நம்பச் சொல்கிறீர்கள், ஒரு எச்சரிக்கை. இரண்டாம் தாளில் இதே நம்பிக்கையோடு போய் நான் தடுமாறினேன். பி பகுதியில் 11 வேக நேர வரைபும் சார்பு வேகமும், 13 எளிய இசை இயக்கம், 15 கோல்களும் சட்டப்படலும், 16 ஈர்ப்பு மையம், 17 நிகழ்தகவும் புள்ளிவிவரமும் என்று பெரும்பாலும் வரும். ஆனால் ஏ பகுதியில் இயக்கவியல் கேள்விகள் இடம் மாறி வருவதைப் பார்த்திருக்கிறேன். கணத்தாக்கு என்று நினைத்து வாசித்தால் வேறு ஏதோ இருக்கும். அந்த ஒரு மாற்றமே என்னைக் கலக்கிவிட்டது. வரிசையை மனப்பாடம் செய்யாமல் போயிருந்தால் கலங்கியிருக்கமாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

மேசைவிளக்கு

இது முக்கியமான பேச்சு. வரிசை யாரும் எழுதித் தந்த வாக்குறுதி இல்லை, வினா அமைப்பவர்களின் பழக்கம். பாடத்திட்டம் மாறினால் அதுவும் மாறும். 2019 இல் புதிய பாடத்திட்டத்துக்கு ஒரு தாள், பழையதுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வந்தன. ஆகவே பழைய தாள்களை அடுக்கிப் பார்க்கிறவர்கள் 2019 புதிய தாளிலிருந்து இந்தப் பக்கம் வருவதை வைத்தே வரிசையைப் பாருங்கள். அதற்கு முந்தினதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேள்வி இடம் மாறியிருந்தால் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். எனக்குத் தெரிந்தவரை செய்யக்கூடியது ஒன்றுதான், எண்ணை மறந்துவிட்டுக் கேள்வியின் முதல் வரியை வாசிப்பது. ஆனால் கலக்கத்தில் அதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று வல்லிபுரக்குறிச்சி சொல்வதை நான் மறுக்கமாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் வரிசை உதவும் என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

கரையூர்க் காற்று

அப்படியென்றால் 1 ஆம் கேள்வி கடினமாக வந்தால் வெறுமையாக விட்டுவிடுவதா? எனக்கு அது மனசு கேட்கவில்லை.

மேசைவிளக்கு

விடவேண்டாம் தம்பி. தொகுத்தறிவில் எது கேட்டாலும் எழுத்தின் எலும்பு ஒன்றுதான். பிள்ளை சொன்ன வகை இப்படி இருந்திருக்கும் என்று வைப்போம்: சகல நேர் நிறையெண் n இற்கும் 7ⁿ + 5 ஆனது 6 ஆல் வகுபடும் எனக் காட்டுக. n = 1 இற்கு 12, வகுபடும். n = p இற்கு 7ᵖ + 5 = 6k என்று எடுக்கிறோம். இவ்வளவையும் எழுத ஒரு நிமிடம் போதும். n = p + 1 இல் சிக்கினால் இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். திரும்பி வரும்போது 7ᵖ⁺¹ + 5 ஐ 7(6k − 5) + 5 என்று எழுதிப் பார்த்தால் 42k − 30 வரும், 6 வெளியே வந்துவிடும். கடைசியில் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி என்ற முடிவு வசனத்தை மறக்கவேண்டாம், அதையும் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள்.

என் கணக்கில் ஏ பகுதியின் எந்தக் கேள்விக்கும் முதற்சுற்றில் ஆறு நிமிடத்துக்கு மேல் இல்லை. மணிக்கூட்டை மேசையில் வைத்து, ஆறானதும் கையை எடுக்கவேண்டும்.

பனங்கூடல்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு மாதிரி வினாத்தாளை முழுதாக எழுதிப் பார்த்தேன். தம்பியை மணிக்கூட்டோடு இருத்திவிட்டு, பத்து நிமிடம் பேனையைத் தொடவில்லை. சேர் சொன்னபடி 14 இல் தொடங்கி 15, 16, 17, அப்புறம் 11, 12, 13. பிறகுதான் ஏ பகுதி. முதல் ஆறு நிமிடம் பி யிலேயே போய்விட்டது. ஏ பகுதியை மேலோட்டமாகத்தான் பார்க்கமுடிந்தது.

எழுதும்போது 5, 8, 10 மூன்றையும் முதலில் எழுதிவிட்டு 14 க்குப் போனேன். 14 இல் பெறுதி எனக்கு முதல் தரம் வரவில்லை. இடம் விட்டுக் கீழே போனேன், வரைபு வந்தது. கடைசியில் பி பகுதியில் நாலு முழுதாகவும் 13 இல் தாயம் மட்டும் முடிந்தது. ஏ பகுதியில் எட்டு. 3 ஐ ஆறு நிமிடத்தில் விடக் கை வரவில்லை, பதினொரு நிமிடம் எடுத்தேன். கடைசிக் கேள்வியை அது விழுங்கிவிட்டது.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. மழைக்கோட்டு அண்ணா சொன்னபடி பி யில் தொடங்கியிருந்தால் அந்த 3 இல் அவ்வளவு நேரம் நின்றிருப்பேனா என்று. வருகிற ஞாயிறு வேறு தாளில் அப்படியும் எழுதிப் பார்க்கிறேன்.

மழைக்கோட்டு

பாருங்கள். ஆனால் இரண்டு ஞாயிறும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள், பரீட்சை தொடங்கும் அதே காலை நேரத்தில். ஒன்றை இரவில் எழுதினால் ஒப்பிடமுடியாது.

மேசைவிளக்கு

எழுதும்போது ஒவ்வொரு கேள்விக்கும் தொடங்கிய நேரத்தை ஓரத்தில் தம்பியைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு தாளின் நேரங்களையும் இங்கே போட்டால் நானும் பார்க்கிறேன். 13 இல் சிக்கலெண் ஏன் வரவில்லை என்று தனியாக எழுதுங்கள். ஏ பகுதியில் உங்களைப் பிடித்து வைத்த 3 உம் அதே அலகுதான்.